கூடுதலாக விழுந்த ஒரு சொல்

பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் வந்தால் முதலில் போய்ப் பார்க்கும் இடம் `docs.python.org`. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் சிறிய எழுத்தில் `Show source` என்றொரு இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால், நாம் படித்துக்கொண்டிருந்த பக்கம் எந்தக் கோப்பிலிருந்து உருவானதோ அந்தக் கோப்பே கிட்ஹப் தளத்தில் திறக்கும். அங்கே ஒரு பென்சில் படம் இருக்கிறது. கணக்கு ஒன்று மட்டும் இருந்தால் போதும், அந்தப் பென்சிலை அழுத்தி எழுத்துப்பிழையைத் திருத்தி, ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அனுப்பலாம். அனுப்ப யாருடைய அனுமதியும் வேண்டாம். அதை ஏற்பதும் மறுப்பதும் மட்டும்தான் பைத்தானைப் பராமரிப்பவர்களின் கையில் இருக்கிறது.

ஓப்பன் சோர்ஸ் என்று நாம் சொல்லும் திறந்த மூல மென்பொருளில் முதல் பங்களிப்பு செய்ய விரும்புகிறவர்களிடம், ‘ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திப் பாருங்கள்’ என்று சொல்வது வழக்கம். காரணம் எளியது. நிரலில் ஒரு வரியை மாற்றினால் வேறெங்கோ ஏதாவது உடையலாம். அந்தத் திட்டத்தின் உள்கட்டமைப்பு புரிந்திருக்க வேண்டும். ஆவணத்தில் ஒரு சொல்லைத் திருத்துவதற்கு அதெல்லாம் தேவையில்லை. ஆனால் திருத்தம் போய்ச் சேரும் பாதை இரண்டுக்கும் ஒன்றேதான். பிரதி எடுப்பது, மாற்றுவது, அனுப்புவது, இயந்திரச் சோதனை, மனிதப் பரிசீலனை, இணைப்பு என எல்லாப் படிகளும் உண்டு. அந்தப் பாதையில் ஒரு முறை நடந்து பார்ப்போம். ஊர் பைத்தான் ஆவணம். மற்ற திட்டங்களில் பெயர்கள் மாறும், வழி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இந்தப் பென்சில் வசதி எப்போதும் இருந்ததில்லை. பைத்தானின் மூலக்கோப்புகள் கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தது 2017 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு ஆவணத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்த வேண்டுமானாலும், மூலக்கோப்புகள் முழுவதையும் நம் கணினிக்கு இறக்கி, திருத்தி, ‘பேட்ச்’ என்னும் வேறுபாட்டுக் கோப்பை உருவாக்கி, பிழைகளுக்கென்று இருந்த தனித் தளத்தில் ஒரு புகாரைத் திறந்து, அதனுடன் பேட்ச்சை இணைக்க வேண்டும். பிறகு ஒருவர் அதை எடுத்துத் தன் கணினியில் பொருத்திப் பார்த்துச் சேர்ப்பார். ஓர் எழுத்துக்காக இவ்வளவு தூரம் போக எத்தனை பேருக்குப் பொறுமை இருந்திருக்கும்?

ஒரு பிழையைக் கண்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஜேசன் என்னும் தரவு வடிவத்தைப் பற்றிய பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வாக்கியத்தில் `the the` என்று ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. இது விளக்கத்துக்காக நான் கற்பனை செய்த பிழை. அந்தப் பக்கத்தில் இப்போது போய்த் தேட வேண்டாம். ஆனால் ஆவணங்களில் அதிகம் தப்பிப் பிழைப்பது இந்த வகைதான். எழுத்து மாறிய சொல்லைப் பிழைதிருத்தி மென்பொருள் சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடும். இரட்டித்த சொல்லில் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பல மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை. முதல் சொல் ஒரு வரியின் கடைசியிலும் இரண்டாவது அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்துவிட்டால் மனிதக் கண்ணும் தவறவிடும்.

பென்சிலைத் தொடும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இது உண்மையிலேயே பிழையா? பிழைதான் என்றால், ஏற்கெனவே யாராவது திருத்திவிட்டார்களா?

முதல் கேள்வி பார்க்கும் அளவுக்குச் சுலபமல்ல. இணையத்தில் ஓர் இணைப்பைத் தொட்டு நாம் ஒரு பக்கத்துக்குப் போகும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை உலாவி பெரும்பாலும் எதிர்முனைக் கணினிக்குச் சொல்லும். அந்தத் தகவலின் தலைப்பு `Referer`. ஆங்கிலம் அறிந்தவர்கள் உடனே ஓர் ‘r’ குறைகிறது என்பார்கள். சரியான சொல் `referrer`. இணையம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் முன்மொழிவு ஒன்றில் நுழைந்த இந்தப் பிழை, 1996-இல் வெளியான RFC 1945 என்னும் அதிகாரபூர்வ ஆவணத்திலும் அப்படியே ஏறிவிட்டது. அதற்குள் சேவையகங்களும் உலாவிகளும் அந்தப் பிழையான எழுத்துக்கோவையையே எதிர்பார்த்துச் செயல்படத் தொடங்கியிருந்தன. இன்றும் அப்படித்தான். அதை யாராவது ஆவணத்தில் ‘திருத்தினால்’, அந்த ஆவணத்தை நம்பி எழுதப்படும் நிரல் வேலை செய்யாது. யுனிக்ஸில் புதிய கோப்பை உருவாக்கும் அமைப்பு அழைப்புக்கு `creat` என்று பெயர். கடைசியில் ‘e’ கிடையாது. அதுவும் அப்படியே நிலைத்துவிட்டது.

மனிதர் படிக்கும் வாக்கியத்தில் இருப்பது எழுத்துப்பிழை. இயந்திரம் படிக்கும் பெயரில் இருப்பது, பிறக்கும்போது பிழையாகப் பிறந்திருந்தாலும், இப்போது ஒரு பெயர். ஆவணக் கோப்பில் இரண்டும் கலந்தே கிடக்கும். பைத்தான் ஆவணங்கள் ‘ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்’ என்னும் எளிய குறிமுறையில் எழுதப்படுகின்றன. கோப்பின் பெயர் `.rst` என்று முடியும். அதில் நிரல் சார்ந்த பெயர்கள் சாய்வு மேற்கோள் போன்ற ஒரு குறிக்குள் இருக்கும். அந்தக் குறிக்குள் இருப்பது கண்ணுக்கு எவ்வளவு உறுத்தினாலும், அதே பெயர் நிரலிலும் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ‘`>>>`’ என்று தொடங்கும் எடுத்துக்காட்டுகளும் அவற்றின் கீழே வரும் விடைகளும் இந்த வகைதான். பிழைச்செய்தி ஒன்றில் இலக்கணம் இடறலாம். பைத்தான் உண்மையிலேயே அப்படித்தான் அச்சிடுகிறது என்றால் ஆவணம் சொல்வது சரி.

பிழையே இல்லாத இன்னொரு வகை `behaviour`, `behavior` போன்றவை. ஒன்று பிரிட்டன் வழக்கம், மற்றொன்று அமெரிக்க வழக்கம். நம் பள்ளியில் கற்ற ஆங்கிலத்துக்கு ஒன்று தவறாகத் தெரியலாம். அதை மாற்றி அனுப்புவது திருத்தம் ஆகாது. பைத்தான் மட்டுமல்ல, பெரும்பாலான திட்டங்கள் இதைத் திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டாவது கேள்வியில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். நாம் தளத்தில் படிப்பது வெளியாகிவிட்ட பதிப்பின் ஆவணம். பைத்தானில் ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு, பொதுவாக அக்டோபரில் வெளியாகிறது. பராமரிப்பவர்கள் வேலை செய்வது அதற்கும் அடுத்த பதிப்பில். அந்த அடுத்த பதிப்பு வளரும் கிளைக்கு `main` என்று பெயர். நீங்கள் கண்ட பிழையை வேறொருவர் போன வாரமே `main` கிளையில் திருத்தியிருக்கலாம். உங்கள் கண்ணுக்கு அது இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். தேடுபொறி வழியாக வந்தவர் என்றால் முகவரியில் `/3.8/` போன்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓய்வு பெற்ற பதிப்பின் பக்கம். அங்கே இனி யாரும் எழுத்துப்பிழை திருத்தப் போவதில்லை. ஆகவே கிட்ஹப்பில் கோப்பு திறந்ததும் மேலே கிளையின் பெயர் `main` என்று இருக்கிறதா, அந்த வாக்கியம் அங்கேயும் பிழையோடுதான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, காத்திருக்கும் திருத்தங்களின் பட்டியலில் அந்தக் கோப்பின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் எப்போதும் காத்துக் கிடக்கும் என்பதால் தேடாமல் தெரியாது. இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சரி, பிழை உண்மையானது, இன்னும் உயிரோடும் இருக்கிறது. பென்சிலை அழுத்தலாம்.

அழுத்தியதும் கிட்ஹப், இந்தக் கோப்பை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை, எனவே முதலில் `Fork this repository` செய்துகொள்ளுங்கள் என்று சொல்லும். பயப்பட வேண்டாம். ஃபோர்க் என்பது மூலக்கோப்புகள் மொத்தத்தையும் உங்கள் கணக்கில் ஒரு பிரதி எடுப்பது. பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் முடிந்துவிடும். உங்கள் கணினியில் எதுவும் இறங்காது. இனி நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் உங்கள் பிரதியில்தான் நடக்கும். பைத்தானின் மூலத்தை நீங்கள் தவறுதலாகக்கூடக் கெடுக்க முடியாது.

இப்போது கோப்பு திருத்தும் நிலையில் திறக்கிறது. வாக்கியத்தைக் கண்டுபிடித்து, கூடுதலாக விழுந்த ஒரு `the`-வையும் அதனுடன் வந்த ஓர் இடைவெளியையும் நீக்குகிறீர்கள். நீக்கிய பிறகு வரி சற்றுக் குட்டையாகிவிட்டது. அடுத்த வரியிலிருந்து ஒரு சொல்லை மேலே இழுத்துப் பத்தியை நேராக்கலாமே என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். தளத்தில் தெரியும் பக்கத்துக்கும் கோப்பில் வரிகள் எங்கே உடைகின்றன என்பதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் பரிசீலிப்பவர் பார்ப்பது கோப்பை அல்ல, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை. அது இப்படி இருக்கும்:

```
-Use the the *indent* argument to print nested data.
+Use the *indent* argument to print nested data.
```

கழித்தல் குறியோடு போன வரி, கூட்டல் குறியோடு வந்த வரி. ஒரு பார்வையில் முடிந்துவிட்டது. பத்தியை நேராக்கியிருந்தால் ஆறேழு வரிகள் கழித்தலாகவும் ஆறேழு வரிகள் கூட்டலாகவும் நிற்கும். அவற்றில் எங்கே மாற்றம், எங்கே வெறும் இடமாற்றம் என்று அவர் ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட வேண்டும்.

உங்கள் கணினிக்குக் கோப்புகளை இறக்கி அங்கே திருத்துகிறவர்களுக்கு இதே சிக்கல் இன்னும் மோசமாக வரும். சில எடிட்டர்கள் கோப்பைச் சேமிக்கும்போது, நாம் கேட்காமலே, வரிகளின் கடைசியில் இருக்கும் வெற்றிடங்களைத் துடைத்துவிடும். அல்லது வரிமுடிவுக் குறியையே விண்டோஸ் பாணிக்கு மாற்றிவிடும். திரையில் எதுவும் தெரியாது. ஆனால் ஒரு சொல்லைத் திருத்தியவரின் பெயரில் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகப் பதிவாகும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அனுப்பும் முன் வேறுபாட்டுப் பக்கத்தில் எண்ணைப் பார்ப்பது. நம் திருத்தத்துக்கு அங்கே +1, −1 என்று இருக்க வேண்டும். வேறு எந்த எண் தெரிந்தாலும் நின்று காரணம் தேட வேண்டும். முதல் முறைக்கு உலாவியிலேயே திருத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தலைப்பில் இருக்கும் பிழை மட்டும் தனிக்கதை. இந்தக் குறிமுறையில் தலைப்புக்குக் கீழே சமக்குறிகளையோ சிறுகோடுகளையோ வரிசையாக இட்டு அடிக்கோடு போடுவார்கள். அடிக்கோடு தலைப்பின் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விடுபட்ட ஓர் எழுத்தைத் தலைப்பில் சேர்த்துவிட்டு அடிக்கோட்டை நீட்ட மறந்தால், பக்கத்தை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் என்னும் மென்பொருள் இப்படி முறையிடும்:

```
WARNING: Title underline too short.
```

அதோடு, தலைப்பு மாறினால் அந்தப் பகுதிக்கு நேரடியாகப் போகும் இணைய முகவரியின் வால் பகுதியும் மாறக்கூடும். யாரோ எங்கோ கொடுத்திருக்கும் இணைப்பு பக்கத்தின் தலையில் கொண்டுபோய் விட்டுவிடும். முதல் திருத்தத்துக்குத் தலைப்பை விட்டுவிட்டு, பத்திக்குள் இருக்கும் பிழையை எடுத்துக்கொள்வது நிம்மதி.

திருத்தம் முடிந்ததும் `Commit changes` என்ற பொத்தானை அழுத்தினால், என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி கேட்கும். இந்த வரியும் உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்துதான் ‘கமிட்’ என்னும் பதிவாகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த மின்னஞ்சல் முகவரி எவரும் பார்க்கக்கூடிய வரலாற்றில் நிரந்தரமாக நின்றுவிடும். திருத்தம் ஏற்கப்பட்ட பிறகு அதை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. சொந்த முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்றால், கிட்ஹப் அமைப்புகளில் `Keep my email addresses private` என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தால், அதற்குப் பதில் கிட்ஹப்பே ஒரு மாற்று முகவரியை இட்டுவிடும்.

அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது? `Update json.rst` என்று கிட்ஹப்பே ஒன்றை நிரப்பி வைத்திருக்கும். அதை அப்படியே விடுவது நான் கண்டவரை புதியவர்களின் பொது அடையாளம். எந்தக் கோப்பு மாறியது என்பது எப்படியும் தெரியப் போகிறது. என்ன மாறியது என்பதைச் சொல்ல வேண்டும்.

```
Docs: remove a duplicated word in json.rst
```

கீழே விளக்கப் பகுதியில் ஒரு வாக்கியம் போதும்: எந்தச் சொல் இரண்டு முறை இருந்தது, நிரலில் எந்த மாற்றமும் இல்லை. தன்னைப் பற்றிய அறிமுகமும் ‘என் முதல் பங்களிப்பு, தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற வேண்டுகோளும் அங்கே இடம் அடைக்கும். பெரிய மாற்றங்களுக்கு முதலில் ஒரு புகாரைத் திறந்து அதன் எண்ணைத் தலைப்பில் குறிக்க வேண்டும் என்பது பைத்தானின் விதி. எழுத்துப்பிழைக்கு அது வேண்டாம் என்று அவர்களின் வழிகாட்டியே விலக்கு கொடுத்திருக்கிறது.

கடைசியாக `Create pull request`. ‘என் பிரதியில் உள்ள இந்த மாற்றத்தை உங்கள் மூலத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதால் இதற்குப் புல் ரிக்வஸ்ட் என்று பெயர். பேச்சில் வெறும் ‘பி.ஆர்.’ அழுத்தும் முன் மேலே ஒரு முறை பாருங்கள். இடப்பக்கம் `python/cpython`, கிளை `main`. வலப்பக்கம் உங்கள் பெயரில் உள்ள பிரதி, கிளை பெரும்பாலும் `patch-1`. இவை சரியென்றால் அனுப்பலாம்.

அனுப்பியதும் ஒரு மனிதர் பதில் சொல்வார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முதலில் வருவது போட்டுகள் என்னும் தானியங்கிகள். ஒரு போட், பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று சொல்லி ஒரு பொத்தானைக் கொடுக்கும். உங்கள் எழுத்துக்கு உரிமை உங்களிடமே இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் பரப்பவும் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளைக்கு உரிமம் தருகிறீர்கள் என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம். ஒரு சொல்லை நீக்கியதற்கு ஒப்பந்தமா என்று சிரிப்பு வரலாம். ஒரு முறை போட்டுவிட்டால் அடுத்தடுத்த திருத்தங்களுக்கு மறுபடி கேட்காது.

அடுத்து பெடிவியர் என்னும் போட். தலைப்பில் புகார் எண் இல்லை என்று ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. மான்டி பைத்தான் குழுவின் திரைப்படத்தில் வரும் வீரன் ஒருவனின் பெயர் அது. மொழிக்கே அந்தக் குழுவின் பெயரை வைத்தவர்கள் காவலாளிக்கு மட்டும் வேறு பெயரா வைப்பார்கள்? இந்தச் சிவப்புக் குறியைக் கண்டு, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிப் பி.ஆரை மூடிவிட்டு ஓடிவிடும் சபலம் எழும். எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு எண் வேண்டாம் என்பது போட்டுக்குத் தெரியாது, மனிதருக்குத் தெரியும். திட்டத்தைச் சேர்ந்தவர் ஒருவர் வந்து `skip issue` என்று ஓர் அடையாளச் சீட்டை ஒட்டியதும் அது பச்சையாகிவிடும். அந்தச் சீட்டை ஒட்டும் உரிமை புதியவருக்குக் கிடையாது. எனவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

சோதனைகள் ஓடவே தொடங்காமல், யாராவது ஒப்புதல் தர வேண்டும் என்று நிற்பதும் முதல் முறைக்கே உரியது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கிட்ஹப் தன் கணினிகளில் இலவசமாகச் சோதனை ஓட்டித் தருகிறது. அந்த இலவசக் கணினிகளைச் சிலர் கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். யாருடைய திட்டத்துக்கோ ஒரு போலிப் பி.ஆர். அனுப்பினாலே போதும், அவர்களின் நிரல் ஓடிவிடும். 2021 ஏப்ரலில் கிட்ஹப் இதற்குத் தடை போட்டது: ஒரு திட்டத்துக்கு முதல் முறையாக அனுப்புகிறவரின் சோதனைகள், பராமரிப்பவர் ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகே ஓடும். உங்கள் ஒரு சொல் திருத்தமும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

பிறகு காத்திருப்பு. அந்த நாளே முடிந்துவிடலாம், வாரங்களும் ஆகலாம். ஒரு மாதம் வரை யாரும் பார்க்கவில்லை என்றால் மரியாதையாக நினைவூட்டலாம் என்கிறது பைத்தானின் வழிகாட்டி. இடையில் `Update branch` என்ற பொத்தான் தெரியும். அதைத் தினமும் அழுத்திப் பார்ப்பதால் திருத்தம் முன்னே நகராது. எல்லாச் சோதனைகளும் மறுபடி ஓடும், அவ்வளவுதான்.

காத்திருக்கும் நேரத்தில், மறுமுனையில் இருப்பவரின் பக்கத்தையும் பார்த்துவிடலாம். பெரும்பாலும் தன் சொந்த நேரத்தில் இதைச் செய்கிறவர் அவர். ஒரு சொல்லை நீக்கும் திருத்தமானாலும், அவர் அதைத் திறக்க வேண்டும், வேறுபாட்டைப் படிக்க வேண்டும், சீட்டு ஒட்ட வேண்டும், சோதனைக்கு ஒப்புதல் தர வேண்டும், இணைக்க வேண்டும். திருத்தியவருக்கு ஆன நேரத்தைவிடச் சில சமயம் அவருக்கு அதிகமாகவே ஆகும். இந்தக் கணக்கு புரியாமல் நடந்ததுதான் 2020 அக்டோபர் கூத்து. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வில், அக்டோபர் மாதத்தில் நான்கு பி.ஆர். அனுப்பினால் அப்போது டீ-ஷர்ட் பரிசாக இருந்தது. அந்த ஆண்டு ஆவணங்களில் ‘அருமையான திட்டம்’ என்ற தலைப்பைச் சேர்ப்பது, நன்றாக இருந்த வாக்கியத்தில் காரணமின்றி ஒரு சொல்லை நுழைப்பது எனப் பயனற்ற திருத்தங்கள் வெள்ளமாகப் பாய்ந்தன. பராமரிப்பவர்கள் அவற்றை மூடுவதிலேயே நாட்களைக் கழித்தார்கள். நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற வேண்டியதாயிற்று: பங்கேற்க விரும்புவதாகத் தாமே அறிவித்த திட்டங்களுக்கு அனுப்பியது மட்டுமே கணக்கில் வரும்.

படிக்கும்போது இடறிய பிழையைத் திருத்துவதும், திருத்த வேண்டும் என்பதற்காகப் பிழை தேடி அலைவதும் ஒன்றல்ல என்று நான் கருதுவது இதனால்தான். தேடுவது கடினமல்ல. கோப்புகளைக் கணினியில் இறக்கியவர், இரட்டித்த சொற்களை ஒரே கட்டளையில் பிடித்துவிடலாம்:

```
grep -rnE '\b(the|of|to|and) \1\b' Doc/
```

கிடைப்பது ஒவ்வொன்றையும் வாக்கியத்தோடு படித்துப் பார்த்து, உண்மையான பிழைகள் நான்கைந்து இருந்தால் அவற்றை ஒரே பி.ஆரில் சேர்த்து அனுப்புவது நல்ல வேலை. ஐந்தையும் ஐந்து பி.ஆராகப் பிரித்து அனுப்புவது, எண்ணிக்கை ஏற்றுவதற்காகப் பிறரின் நேரத்தைச் செலவழிப்பது. மறுபக்கம், ஐம்பது கோப்புகளில் நூறு மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டினாலும் யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள்.

பரிசீலிப்பவர் சில சமயம், ‘இந்தச் சொல்லை நீக்குவதைவிட வாக்கியத்தையே இப்படி மாற்றினால் என்ன?’ என்று ஒரு யோசனையைப் பக்கத்திலேயே எழுதிவைப்பார். உடன்பாடு என்றால் `Commit suggestion` பொத்தானை அழுத்தினாலே அது உங்கள் திருத்தத்தில் சேர்ந்துவிடும். புதிய பி.ஆர். திறக்க வேண்டாம். பழைய வரலாற்றை அழித்துச் சுத்தமாக்கி மறுபடி அனுப்பவும் வேண்டாம். பைத்தானில் இணைக்கும்போது உங்கள் எல்லாக் கமிட்டுகளையும் நசுக்கி ஒன்றாக்கித்தான் சேர்ப்பார்கள். நடுவில் அழித்து எழுதினால், பார்த்தவர் எதுவரை பார்த்தார் என்பது அவருக்கே குழம்பிவிடும்.

ஒரு நாள் `Merged` என்று ஊதா நிறத்தில் தெரியும். ஆனால் தளத்தில் போய்ப் பார்த்தால் பிழை அப்படியே இருக்கும். காரணம் முன்பே பார்த்ததுதான்: சேர்ந்தது `main` கிளையில், அதாவது அடுத்த பதிப்பில். இப்போது புழக்கத்தில் உள்ள பதிப்பின் பக்கத்திலும் மாற வேண்டுமானால் அந்தப் பதிப்பின் கிளைக்கும் திருத்தத்தைக் கொண்டுபோக வேண்டும். இதற்கு ‘பேக்போர்ட்’ என்று பெயர். இணைத்தவர் `needs backport to` என்று தொடங்கும் சீட்டைப் பதிப்பு எண்ணோடு ஒட்டியிருந்தால், மிஸ் இஸ்லிங்டன் என்னும் இன்னொரு போட் அந்தக் கிளைக்குத் தானே ஒரு பி.ஆரைத் திறந்துவிடும். அதில் உங்கள் பெயரும் இருக்கும். இவளும் அதே படத்திலிருந்து வந்தவள், அங்கே சூனியக்காரி. அந்த இரண்டாவது பி.ஆரும் சேர்ந்து, தளம் அடுத்த முறை புதிதாக உருவாக்கப்படும்போதுதான் கூடுதலாக விழுந்த அந்த `the` எல்லோர் கண்ணிலிருந்தும் மறையும்.

உங்கள் கணக்கில் இருக்கும் `patch-1` கிளைக்கு இனி வேலை இல்லை, பி.ஆர். பக்கத்தின் அடியிலேயே `Delete branch` இருக்கிறது. ஃபோர்க்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது நாளாக நாளாகப் பழசாகும். அடுத்த திருத்தத்துக்கு முன் `Sync fork` அழுத்தி அதை மூலத்தோடு சமப்படுத்திவிட்டு, புதிய கிளையில் தொடங்குங்கள். இந்த முறை ஒப்பந்தப் போட் பொத்தான் எதையும் நீட்டாது. சோதனைகளும் முதல் முறை போல் ஒப்புதலுக்காக நிற்காமல் தாமாகவே ஓடத் தொடங்கும். பெடிவியர் மட்டும் மறுபடி எண் கேட்கும்.